கற்றல் வளைவு அல்ல, கைப்பழக்க வளையி

கடந்த மாதம் கொழும்பில் தையல் லைன் சுப்பவைசர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் தந்த தாளில், புது டிசைன் வந்தால் "செங்குத்தான கற்றல் வளைவை எதிர்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். கடினமான வேலை என்பது அவர்கள் கருத்து. இதே வரியை எத்தனை தடவைதான் வாசிப்பது!

1936இல் அமெரிக்கரான ரைட், விமானத் தொழிற்சாலைக் கணக்கை வைத்து, பின்னாளில் கற்றல் வளைவு எனப்பட்ட கோட்டை வரைந்தார். மொத்த உற்பத்தி இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கான சராசரி உழைப்பு முன்பிருந்ததில் ஏறக்குறைய 80 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் கோடு கீழே இறங்கும். செங்குத்தாக இறங்கினால் வேலை சீக்கிரம் கைக்கு வருகிறது என்று பொருள். தாளில் இருந்தது நேர் எதிர்.

வளைவு என்ற சொல்லும் இங்கே தேவையில்லை. கேள்வி வளையி, நிரம்பல் வளையி என்று பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். வீதியில் இருப்பதுதான் வளைவு. ஆனால் என் பெரிய சண்டை 'கற்றல்' என்பதோடுதான். காலர் பூட்டும் அக்காவுக்குத் தைக்கத் தெரியும், புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. ஊசி ஓடுவது சில செக்கன்தான். துணிக்கட்டிலிருந்து துண்டை எடுப்பது, காலரின் நடுக்குறியைக் கழுத்தின் நடுவோடு பொருத்துவது, திருப்பி வைப்பது, இவற்றில்தான் நேரம் போகிறது. நூறு சேர்ட் தைத்தபின் கை பார்க்காமலே துண்டை எடுக்கும். நம் ஆட்கள் இதை "கை படிஞ்சிட்டுது" என்பார்கள். ஆகவே கைப்பழக்க வளையி என்பேன். தனியாள் கை மட்டுமா என்று கேட்கலாம். எந்த இடத்தில் கட்டு தேங்குகிறது என்று சுப்பவைசர் கண்டு ஆளை மாற்றுவதும் லைனின் கைப்பழக்கம்தான்.

சரி, கணக்கு. முதல் 100 சேர்ட்டுக்கு ஒன்றுக்கு 60 நிமிட உழைப்பு என்று வைப்போம். 80 சதவீத வளையியில் 200 முடியும்போது சராசரி 48, 400இல் 38.4. இங்கே பலர் தவறுவார்கள்: 48 என்பது மொத்தச் சராசரி. 200 × 48 = 9,600 நிமிடம், முதல் நூறின் 6,000 போனால் 3,600. அதாவது இரண்டாவது நூறு ஒவ்வொன்றும் 36 நிமிடத்தில் முடிந்திருக்கிறது. நிமிடத்துக்கு 15 ரூபா என்றால் ஒன்றின் சராசரி உழைப்புக் கிரயம் 900இலிருந்து 720, பிறகு 576. துணி, பொத்தான் விலை இதனால் இறங்காது. மெஷின் வேகமும் கூடாது, அதனால் போகப் போக இறக்கம் சின்னதாகும்.

டிசைன் மாறினாலோ, பழகிய ஆள் விலகினாலோ வளையி மறுபடி மேலே ஏறும். எனக்குத் தெரிந்த ஒரு சிறு யூனிட்டில் 400க்குப் போட்ட விலையையே 100 சேர்ட் ஓடருக்கும் சொல்லிவிட்டார்கள். மேலே உள்ள கணக்கில் அது ஒரு சேர்ட்டுக்கு 324 ரூபா நட்டம்.