முகத்தை எப்போது காட்டுவது? ஒரு காட்சி, ஐந்து ஷாட் அளவுகள்

குறும்படங்களின் எடிட்டிங்கில் அடிக்கடி கேட்கும் புகார்: "நல்லாத்தான் நடிச்சிருக்காங்க, ஆனா மனசுல ஒட்டல." டைம்லைனைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் பல நேரம் நடிப்பின் மேல் குறை இருக்காது. படம் தொடங்கிய மூன்றாவது நொடியிலேயே முகம் திரையை நிறைத்திருக்கும். அதன்பின் அந்தப் பாத்திரத்துக்கு என்ன நேர்ந்தாலும் அதைவிடக் கிட்டே போக வழியிருக்காது.

ஆள் ஃப்ரேமில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார் என்பதுதான் ஷாட்டின் அளவு. ஒரு சின்னக் காட்சியை வைத்து ஐந்து அளவுகளைப் பார்ப்போம். ரயில் நிலைய நடைமேடையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கையில் பிரிக்காத கடிதம். பிரிக்கிறாள், படிக்கிறாள், மடித்து வைக்கிறாள். அவள் ஏற வேண்டிய ரயில் வருகிறது, அவள் எழவில்லை. வசனம் கிடையாது. கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவே இங்கே சொல்லும் தூரங்கள் எல்லாம் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 16:9 படத்துக்கான தோராயக் கணக்கு. சென்சார் சிறியதானால் தூரம் கூடும்.

எக்ஸ்ட்ரீம் லாங் ஷாட்டில் உட்கார்ந்திருக்கும் அவள் உயரம் ஃப்ரேமின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். 24 எம்.எம். லென்ஸில் ஏறக்குறைய 20 மீட்டர் தள்ளி கேமரா நிற்கும். அவள் யார், என்ன வயது, அழுகிறாளா சிரிக்கிறாளா, எதுவும் இதில் தெரியாது. நீண்ட நடைமேடை, காலி இருக்கைகள், அதில் ஒருத்தி. அவளைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் என்பதுதான் பார்ப்பவருக்குக் கிடைக்கும் செய்தி. இந்த ஷாட் பெரும்பாலும் சொதப்புவது ஒரே காரணத்தால்: பார்வையாளர் ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் கட் வந்துவிடும். நான்கைந்து நொடியாவது விடுங்கள். இருக்கையின் நிறத்திலேயே உடை இருந்தால் பத்து நொடி விட்டாலும் பயனில்லை. பின்னணியில் வேறு யாரும் நடக்காமல் அவள் மட்டும் லேசாக அசைந்தால் கண் தானாக அங்கே போகும். எடுத்ததைக் கைபேசித் திரையில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மானிட்டரில் பளிச்சென்று தெரிந்தவள் அங்கே ஒரு புள்ளியாகிக் காணாமல் போயிருப்பாள்.

அடுத்தது லாங் ஷாட். தலை முதல் கால் வரை முழு ஆள். நிற்பவர் என்றால் 50 எம்.எம். லென்ஸில் சுமார் ஐந்து மீட்டர், உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கிட்டே. இங்கே முகத்தைவிட உடம்புதான் அதிகம் பேசும். இருக்கையில் சாய்ந்திருக்கிறாளா, நுனியில் உட்கார்ந்திருக்கிறாளா? பையைக் கீழே வைத்திருக்கிறாளா, மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாளா? பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? நுனியில் உட்கார்ந்து பையை அணைத்திருப்பவளை ஒரு நொடி பார்த்தாலே போதும், அவள் நிம்மதியாக இல்லை என்பது புரிந்துவிடும். கண் கலங்குவதை இந்த அளவில் நடிக்கச் சொல்வது வீண், அது கேமராவுக்கே எட்டாது.

மிட் ஷாட் இடுப்புக்கு மேல். 50 எம்.எம். லென்ஸில் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். முகமும் கையும் ஒரே சட்டகத்தில் கிடைப்பது இதன் பெரிய வசதி. கடிதத்தைப் பிரிக்கும் விரல்கள் தயங்குவதும், அதே நேரம் முகம் அமைதியாக இருப்பதும் சேர்ந்து தெரியும். இந்த முரண் க்ளோஸப்பில் கிடைக்காது, ஏனென்றால் அங்கே கை வெளியே போய்விடும். முகத்தைத் தனியாகவும் கையைத் தனியாகவும் காட்டினால் பார்வையாளர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் படிப்பார். ஆகவே உறையைப் பிரிக்கும் கணத்தை மிட் ஷாட்டிலேயே விட்டுவிடலாம், கிட்டே போகக் கை பரபரத்தாலும்.

ஃப்ரேமின் கீழ் விளிம்பு மூட்டின் மேல் விழக் கூடாது. முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, கழுத்து இவற்றில் சரியாக வெட்டினால் உறுப்பு அங்கேயே முடிந்துவிட்டது போலத் தோன்றும். தொடையின் நடுவில், இடுப்புக்குச் சற்றுக் கீழே அல்லது மேலே, நெஞ்சுக்கு நடுவில் என்று தள்ளி வையுங்கள்.

இப்போது க்ளோஸப். முகமும் தோளின் கொஞ்சமும். 85 எம்.எம். லென்ஸில் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் தள்ளி நின்றால் கிடைக்கும். 24 எம்.எம். லென்ஸிலும் அதே அளவு முகத்தை எடுக்கலாம், ஆனால் அரை மீட்டருக்குள் போக வேண்டும். அப்போது மூக்கு பெரிதாகி, காதுகள் பின்வாங்கி, முகமே வேறாகிவிடும். பதற்றம் காட்ட அது பொருந்தும், கடிதம் படிக்கும் இந்தப் பெண்ணுக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இமையில். மடியில் இருக்கும் கடிதத்தைப் படிப்பவரின் கண் கீழே போகும். க்ளோஸப்பில் தெரிவது இரண்டு மூடிய இமைகளும் கொஞ்சம் தலைமுடியும்தான். அவள் தூங்குகிறாள் என்றுகூட நினைக்கத் தோன்றும். தீர்வு எளிது. கடிதத்தை மடியிலிருந்து நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், கேமராவைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள். நேரில் பார்க்க அபத்தமாக இருக்கும், நடிப்பவரே "இப்படி யார் படிப்பாங்க?" என்று கேட்பார். ஆனால் கடிதம் ஃப்ரேமுக்கு வெளியே இருப்பதால் திரையில் யாருக்கும் தெரியாது. கண்மணி வரியை ஒட்டி நகர்வதும், ஒரு வரியில் நின்று மறுபடி அதே வரிக்குத் திரும்புவதும் தெரியும். படித்தது மோசமான செய்தி என்பதைச் சொல்ல அந்தத் திரும்பல் போதும்.

85 எம்.எம். லென்ஸில், எஃப் 1.8 அபர்ச்சரில், இந்தத் தூரத்தில் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் பகுதி, சுமார் நான்கு சென்டிமீட்டர்தான். தலை முன்னே சாய்ந்தாலே கண் மங்கிவிடும். எஃப் 4 வைத்தால் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் கிடைக்கும், பின்னணியும் போதுமான அளவு மங்கலாகவே இருக்கும். நடிப்பவரிடம் ஷாட்டின் அளவைச் சொல்லிவிடுவதும் அவசியம். லாங் ஷாட்டில் இயல்பாக இருந்த தலைத் திருப்பல் இங்கே ஃப்ரேமைவிட்டே வெளியே எகிறும்.

கண்கள் மட்டும், அல்லது கடிதத்தை மடிக்கும் கட்டைவிரல் மட்டும் என்று போகும் எக்ஸ்ட்ரீம் க்ளோஸப் இந்தக் காட்சியில் ஒன்றுக்கு மேல் தாங்காது. என் தேர்வு கட்டைவிரல். கண்ணை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

இவற்றை ஒட்டும்போது அளவில் தெளிவான வித்தியாசம் இருக்கட்டும். மிட் ஷாட்டிலிருந்து அதைவிடச் சற்றே இறுக்கமான மிட் ஷாட்டுக்கு அதே கோணத்தில் கட் செய்தால் படம் துள்ளியது போல இருக்கும். ஒரு அளவாவது தாண்டுங்கள், கேமராவையும் 30 டிகிரியாவது நகர்த்துங்கள்.

ரயில் வந்து நிற்கும்போது மறுபடி முதல் எக்ஸ்ட்ரீம் லாங்குக்கே போகிறோம். அதே ஃப்ரேம், அதே புள்ளி. முதலில் யாரோ ஒருத்தியாக இருந்தவளின் முகத்தை இப்போது பார்வையாளருக்குத் தெரியும். 20 மீட்டர் தள்ளி, முகமே தெரியாத நிலையிலும், அவள் எழாமல் இருப்பது ஏன் என்று அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். இந்த இரண்டு ஷாட்டையும் அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள். முக்காலியின் கால்கள் நின்ற இடத்தில் டேப் ஒட்டி, லென்ஸையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். க்ளோஸப்பை முடித்துவிட்டு மாலையில் திரும்பி வந்தால் தூணின் நிழல் நடைமேடையின் மறுபக்கம் போயிருக்கும்.