கேட்பவர் கவனம் சிதறினால் நம் பதில் ஏன் தடுமாறுகிறது?

நேர்முகத் தேர்வு பத்தரைக்கு என்றார்கள். கேள்வி கேட்க வேண்டியவர் பதினொன்றேகாலுக்கு வந்தார். வந்தவர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்கள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார். பதில் பாதியில் இருக்கும்போது அவர் கைப்பேசி அதிர்ந்தது, பார்வை அங்கே போனது. வேலை தேடி அலைந்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. வெளியே வந்தபின் பலரும் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்விதான். ஆனால் பதில் ஏனோ சொதப்பிவிட்டது."

அந்த 'ஏனோ'வுக்கு விடை இருக்கிறது. அது தன்னம்பிக்கைக் குறைவு என்று நாமே நம்மைக் குற்றம் சாட்டிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது தவறு. பேச்சு என்பது பேசுபவர் ஒருவர் மட்டும் செய்யும் வேலை அல்ல, கேட்பவரும் அதில் பாதியைச் செய்கிறார். அவர் தன் பங்கைக் கைவிட்டால், பேசுபவரின் வாக்கியத்தில்தான் ஓட்டை விழும்.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவெலாஸும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ஒருவர் தன் வாழ்க்கையில் மயிரிழையில் தப்பிய ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும், முன்பின் அறியாத இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக வேறொரு வேலை தரப்பட்டது. கதையில் ஒரு குறிப்பிட்ட ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் அவர்கள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தாலும் கதை மனதில் ஏறாது.

கேட்பவர் தரும் எதிர்வினைகளை அந்தக் குழு இரண்டாகப் பிரித்தது. தலையசைப்பது, "ம்" கொட்டுவது போன்றவை பொதுவானவை, எந்தக் கதைக்கும் பொருந்தும். மற்றொரு வகை அந்த நொடிக்கு மட்டுமே உரியது. லாரி எதிரே வந்தது என்றதும் முகம் சுளிப்பதும், "ஐயோ, அப்புறம்?" என்று கேட்பதும் அந்த வகை. எழுத்தை எண்ணிக்கொண்டிருந்தவர்களிடம் இந்த இரண்டாவது வகை ஏறத்தாழ மறைந்துபோனது. அதன் விளைவு கதை சொன்னவர்களிடம் தெரிந்தது. அவர்கள் கதையை மோசமாகச் சொன்னார்கள், அதிலும் முடிவில்தான் அதிகம் தடுமாறினார்கள். உச்சகட்டம் வர வேண்டிய இடத்தில் கதை சட்டென்று அறுந்தது, அல்லது முடிவே இரண்டு மூன்று முறை திரும்ப வந்தது, அல்லது "அது உண்மையிலேயே ஆபத்தான நேரம்தான்" என்று அவர்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கேட்பவருக்கு ரகசிய வேலை தரப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பேச்சு குலைந்தது.

இதை ஒரு நேர்முகத் தேர்வில் வைத்துப் பார்ப்போம். கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவுக்கு ஒரு பெண் விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் கண்டுபிடித்த ஒரு பிழையைச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அவரிடம் நல்ல பதில் இருக்கிறது. பழைய வேலையில் ஒரு சப்ளையரின் மூன்று பில்கள் கொள்முதல் பதிவேட்டில் இருந்தன, ஆனால் சப்ளையர்கள் பதிந்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் இல்லை. அதில் வராத பில்லுக்கு, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. தேடிப் பார்த்தபோது, சப்ளையர் இவர் வேலை பார்த்த நிறுவனத்தின் வேறு மாநிலக் கிளையின் ஜிஎஸ்டி எண்ணில் அவற்றைப் பதிந்திருந்தது தெரிந்தது. அவரைத் திருத்தவைத்தார், அடுத்த மாதம் வரவு வந்தது. அதன்பின், பில் 2பி-யில் வந்ததைப் பார்த்த பிறகே வரித்தொகையை சப்ளையருக்கு விடுவிப்பது என்ற நடைமுறையையும் கொண்டுவந்தார்.

இந்தப் பதிலின் உயிர் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. பிழையைத் திருத்துவது எல்லாக் கணக்காளரும் செய்வது, அது மறுபடி வராமல் வழியை அடைத்ததுதான் இவருடைய தகுதி. ஆனால் எதிரே இருப்பவரின் கண் கைப்பேசியில் இருக்கும்போது பதில் இப்படி முடியும்: "அவர் திருத்திக் கொடுத்தார்... அதாவது, வரவு வந்துவிட்டது... கொஞ்சம் பெரிய தொகைதான்... இல்லாவிட்டால் நஷ்டமாகியிருக்கும்... அவ்வளவுதான் சார்." புதிய நடைமுறை பற்றிய வாக்கியம் வெளியே வரவே இல்லை. அறுந்த முடிவு, திரும்பத் திரும்பச் சொல்வது, தன் கதைக்குத் தானே வக்காலத்து வாங்குவது என அந்தச் சோதனையில் தெரிந்த அடையாளங்கள் எல்லாம் இங்கேயும் இருக்கின்றன. "அவ்வளவுதான் சார்" என்ற சொல் வாயில் வந்துவிட்டால், கேட்பவரின் கவனக்குறைவு நம் பேச்சுக்குள் நுழைந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆகவே தயாரிப்பில் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பதிலின் கடைசி வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பதிலையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, செய்தால் அது ஒப்பிப்பது போல ஒலிக்கும். நடுப்பகுதி அந்த நேரத்தில் வரும் சொற்களில் வரட்டும். முடிவு மட்டும் எதிரே இருப்பவரின் முகத்தை நம்பி இருக்கக் கூடாது. அதைச் சொன்னவுடன் நிறுத்திவிட வேண்டும். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதற்காக இன்னொரு வாக்கியம் சேர்க்கக் கூடாது.

நிறுத்தியபின் ஒரு கேள்வி கேட்கலாம், அதுவும் தலையசைத்து விடையளிக்க முடியாத கேள்வியாக. "புரிந்ததா சார்?" என்றால் "ம்" என்றே பதில் வரும். "உங்கள் ஆலையில் இந்த ஒப்பீட்டை மாத முடிவில் செய்கிறீர்களா, பில் வரும்போதே செய்கிறீர்களா?" என்றால், சொல்லப்பட்ட விஷயத்துக்குள் வந்துதான் அவர் பதில் சொல்ல முடியும். காணாமல்போன அந்த இரண்டாம் வகை எதிர்வினையை இப்படிக் கேட்டு வாங்கிவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே வேண்டும். மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருப்பவர் எல்லாரும் அலட்சியக்காரர்கள் அல்லர். எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, விடைக்கு விடை மதிப்பெண் இடும் முறை பல நிறுவனங்களில் இருக்கிறது. அவர் தட்டுவது உங்கள் பதிலாகவே இருக்கலாம். நீங்கள் நிறுத்தும்போது தட்டுவதும் சற்று நேரத்தில் நின்றால் அது குறிப்பெடுப்பு. நீங்கள் நிறுத்தியதே அவருக்குத் தெரியவில்லை என்றால் அது வேறு வேலை. அப்போது, "அவசர வேலையாக இருந்தால் முடித்துவிடுங்கள் சார், நான் காத்திருக்கிறேன்" என்று இயல்பான குரலில் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

கவனச்சிதறலை விடக் கடினமானது, எதிரே இருப்பவர் விறைப்பாகவோ எரிச்சலாகவோ இருப்பது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேர்ட், ஜன்னா, கூப்பர் என்ற மூவர் செய்து 1974-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தை நன்றாக விளக்குகிறது. முதலில், வெள்ளையின மாணவர்கள் நேர்முகம் நடத்தும்போது கறுப்பின விண்ணப்பதாரர்களிடம் எப்படி நடக்கிறார்கள் என்று கவனித்தார்கள். சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள், பேச்சில் அதிகம் திக்கினார்கள், நேர்முகத்தையும் ஏறத்தாழ கால்பங்கு சீக்கிரமாக முடித்தார்கள்.

அடுத்த கட்டம்தான் முக்கியமானது. அந்த நடத்தையை அப்படியே பயிற்சி கொடுத்து, இம்முறை வெள்ளையின விண்ணப்பதாரர்கள் மீது பிரயோகித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நெருக்கமான நேர்முகம், மறு பகுதியினருக்கு விலகலான நேர்முகம். எவருக்கு எது கிடைத்தது என்று அறியாத நடுவர்கள் மதிப்பிட்டபோது, விலகலாக நடத்தப்பட்டவர்கள் வேலைக்குத் தகுதி குறைந்தவர்களாகவும் பதற்றமானவர்களாகவும் தெரிந்தார்கள். அவர்களும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள், அவர்களும் திக்கினார்கள். நேர்முகம் நடத்துபவரின் நடத்தை விண்ணப்பதாரரின் உடம்பில் ஏறி, பிறகு அவருடைய மதிப்பெண்ணாகப் பதிவானது. ஒரு மனிதரின் தகுதி என்று தாளில் எழுதப்படுவதில் எதிரே இருந்தவரின் நடத்தை எவ்வளவு கலந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

விலகலுக்கு விலகல், சுருக்கத்துக்குச் சுருக்கம் என்று நம்மை அறியாமலே திருப்பிக் கொடுக்கிறோம். அந்தச் சுழற்சியை உடைக்க மூன்றைப் பார்த்துக்கொண்டால் போதும்: நாற்காலி பின்னால் நகர்கிறதா, பேச்சின் வேகம் கூடுகிறதா, பதில்கள் ஒற்றை வரியாகச் சுருங்குகின்றனவா. இவை கைக்கு எட்டும் விஷயங்கள், சரிசெய்துவிடலாம்.

ஆனால் உள்ளே கொதிப்பதை என்ன செய்வது? முகத்தில் காட்டாமல் அடக்கிக்கொள்வதுதான் நாகரிகம் என்று சொல்லித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அதற்கு ஒரு விலை இருக்கிறது. ரிச்சர்ட்ஸ், கிராஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனைகளில், மனதை உலுக்கும் காட்சிகளை முகம் அசையாமல் பார்க்கச் சொல்லப்பட்டவர்களுக்கு, அப்போது சொல்லப்பட்ட தகவல்கள் குறைவாகவே நினைவில் நின்றன. முகத்தைக் காவல் காப்பதிலேயே கவனம் செலவாகிவிடுகிறது. அதே காட்சிகளை ஒரு மருத்துவரின் கண்ணோடு பாருங்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு இந்த இழப்பு இல்லை. நேர்முகத்தில் இதன் பொருள் எளிது. கோபத்தை அடக்கிக்கொண்டே இருந்தால் அடுத்த கேள்வியின் இரண்டாம் பாதி காதில் விழாது. நடப்பதை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினால் கேள்வி முழுதாகக் கேட்கும்.

வேறு விதமாகப் பார்ப்பது என்றால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது அல்ல. 1973-இல் டார்லியும் பேட்சனும் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குச் சென்று உரையாற்ற வேண்டும், வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சரிந்து கிடப்பார். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம்தான். முக்கால் மணி நேரம் தாமதமாக ஓடிவருபவரின் கடுகடுப்பில் அவருடைய குணம் எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அவசரம்தான் காரணம் என்றால் அதற்கேற்ற வாக்கியம் ஒன்று இருக்கிறது: "நேரம் குறைவாக இருந்தால் எந்தப் பகுதியை முதலில் பேசலாம் சார்?" இது அவருடைய பாரத்தை இறக்கும், உங்கள் சிறந்த பதிலுக்கும் இடம் கிடைக்கும்.

"இதெல்லாம் ஒரு அனுபவமா?" என்று கேட்டால், குத்தலை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். "ஆலைக் கணக்கில் அனுபவம் இல்லை சார். ஜிஎஸ்டி ஒப்பீடு முழுவதையும் நானே செய்திருக்கிறேன்." இவ்வளவு போதும்.

சில பேச்சில் உள்ளே கேள்வியே இருக்காது. சாதியை விசாரிப்பது, "எப்போது குழந்தை பெற்றுக்கொள்ளப் போகிறீர்கள்?" என்பது, ஆளையே இழிவுபடுத்துவது ஆகியவை இந்த வகை. இவற்றுக்கு மேலே சொன்ன எந்த உத்தியும் பொருந்தாது, பொருத்திப் பார்க்கவும் வேண்டாம். "இது வேலைக்குத் தொடர்பில்லாதது, இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை" என்று சொல்லலாம். தொடர்ந்தால் எழுந்து வந்துவிடலாம். வந்த கையோடு தேதி, நேரம், அறையில் இருந்தவர்கள், சொல்லப்பட்ட வார்த்தைகள் ஆகியவற்றை எழுதி வைத்து, மனிதவளப் பிரிவுக்கு அந்த விவரங்களை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.