சரக்கு இறங்கியதும் தாழ்ந்த முனை

ஒரு ஜவுளிக் கடையின் கிடங்கில் இரும்புப் பரண் தளம் போட்டிருந்தார்கள். அதைத் தாங்கும் ஐ.எஸ்.எம்.பி. 200 என்ற I வடிவ எஃகு பீம், A, B என்ற இரண்டு தூண்களுக்கு இடையே 4 மீட்டர் சென்று, B தூணைத் தாண்டி 1.5 மீட்டர் வெளியே நீண்டிருந்தது. நீண்ட பகுதியின் முனையில் நடைபாதை. அதன் அடியில் ஜிப்சம் பலகைத் தடுப்பு ஒன்று, மேலே பீமுக்கு 5 மி.மீ. இடைவெளி விட்டு நின்றது. பரண் நிறையச் சரக்கு இருந்த மாதங்களில் எந்தத் தொல்லையும் இல்லை. பண்டிகை விற்பனையில் சரக்கு காலியானபின், நடைபாதையில் ஆட்கள் கூடி நின்ற ஒரு நாளில் பலகை பிதுங்கி விரிசல் விட்டது. எடை குறைந்தபோது பீம் அதிகமாகத் தாழ்ந்தது ஏன் என்று உரிமையாளர் கேட்டார். சரியான கேள்வி.

வடிவமைத்தவரின் தாளை வாங்கிப் பார்த்தேன். நடைபாதை முனையில் 10 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒரு டன் சுமை. B-யில் பீம் இறுகப் பிடிக்கப்பட்டதாகக் கொண்டு, கான்டிலீவர் சூத்திரம் Pa³/3EI போட்டிருந்தார். P முனைச் சுமை, a நீண்ட பகுதியின் நீளம், EI பீம் வளைவை எதிர்க்கும் விறைப்பு. EI-ஐ 4,500 கிலோநியூட்டன்-சதுர மீட்டர் என்று வைத்தால் விடை 2.5 மி.மீ. இடைவெளியில் பாதிதான்.

ஆனால் B இறுக்கமான சுவர் அல்ல. அங்கே பீம் தூணின் மேல் அமர்ந்து, தொடர்ந்து செல்கிறது. அந்த இடத்தில் அது சாயும். ஆகவே முனைச் சுமையை இரண்டு பழகிய நிலைகளாகப் பிரிக்க வேண்டும். முதலாவது, B அசையாது என்று கொண்ட கான்டிலீவர் வளைவு: 2.5 மி.மீ. இரண்டாவது, முனைச் சுமை B-யில் உண்டாக்கும் 15 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன், 4 மீட்டர் பீமின் ஒரு முனையைத் திருப்புகிறது. M திருப்புத்திறன், L தூண்களுக்கு இடையேயான நீளம் என்றால் அந்தச் சாய்வு ML/3EI. அதை 1.5 மீட்டரால் பெருக்கினால் முனை மேலும் 6.7 மி.மீ. இறங்குகிறது. மொத்தம் 9.2 மி.மீ. வளைவைவிடச் சாய்வின் பங்குதான் பெரிது, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது பரண் சரக்கு. தூண்களுக்கு நடுவில் உள்ள சுமை P இங்கே 20 கிலோநியூட்டன் என்றால், சாதாரணமாகத் தாங்கப்பட்ட பீமின் முனைச் சாய்வு PL²/16EI. நடுவில் பீம் கீழே வளையும்போது B-க்கு அப்பாலுள்ள பகுதி, ஏற்றப்பலகையின் மறுமுனை போல, மேலே எழும்புகிறது. எழும்பும் அளவு அதே 6.7 மி.மீ. இறங்கியதிலிருந்து கழித்தால் 2.5 மி.மீ. எஞ்சுகிறது. தவறான வழியில் வந்த விடையும், இரண்டு சுமைகளையும் சேர்த்த சரியான விடையும் ஒன்றாகவே இருந்தன. எதிரெதிர்ச் சாய்வுகள் சமமாகி B-யில் பீம் கிடைமட்டமாக நின்றதால்தான் அது நடந்தது. சரக்கு இறங்கியதும் அந்த எதிர்ச்சாய்வு போய்விட்டது, 9.2 மி.மீ. தொய்வு 5 மி.மீ. இடைவெளியை விழுங்கிவிட்டது.

எனவே கூட்டும்போது குறி மாறும் ஒவ்வொரு சுமையையும் தனித்தனியே எழுதுங்கள். உதவி செய்யும் சுமை எப்போதும் இருக்கும் என்று எழுத்தில் உறுதி இல்லாவிட்டால் அதை நீக்கி ஒருமுறை பாருங்கள். எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 800:2007, விரிசல் விடக்கூடிய பூச்சு அல்லது தடுப்பு உள்ள இடத்தில், தளத்தின் நீட்டிய பகுதிக்கு நீளத்தில் 180-இல் ஒரு பங்கு தொய்வையே அனுமதிக்கிறது. 1,500 மி.மீ.க்கு அது 8.3 மி.மீ. இரண்டு சுமையும் சேர்ந்தால் இந்த பீம் எளிதாகத் தேறுகிறது, முனைச் சுமை மட்டும் இருந்தால் தவறிவிடுகிறது.

நான் கூடுதலாகக் கவனித்தது A முனையை. பரண் காலியாக இருக்க, முனையில் 10 கிலோநியூட்டன் நின்றால், A-யில் பீம் மேலே எழ முயல்கிறது. விசை 10 × 1.5 ÷ 4 = 3.75 கிலோநியூட்டன். பீம், தளம் ஆகியவற்றின் சொந்த எடை இதில் ஒரு பகுதியைக் கழிக்கும். மீதியைப் போல்ட்கள் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். நடைபாதையில் ஆட்களை நிறுத்தி, A-யில் பீமுக்கும் தாங்கிக்கும் இடையே மெல்லிய தகடு ஒன்றைச் செருகிப் பார்த்தேன். எளிதாக நுழைந்தது, நட்டுகள் தளர்ந்திருந்தன. அப்படி A எழும்பும் நிலை இருக்கும்வரை நாம் போட்ட கூட்டல் செல்லாது. இரண்டு நிலைகளிலும் தாங்கிகள் ஒரே மாதிரி இருந்தால்தான் தனித்தனி விடைகளைச் சேர்க்கலாம். A 4 மி.மீ. எழும்பினால், பீம் சிறிதும் வளையாமலேயே முனை இன்னும் 1.5 மி.மீ. இறங்கும். நட்டுகளை இறுக்கி, பலகையின் மேல் இடைவெளியை 15 மி.மீ. ஆக்கி, காலியான பரணோடு மறுபடி முனையில் சுமை வைத்து அளக்கச் சொன்னேன்.