3.0 விநாடியிலிருந்து 2.1 விநாடிக்கு: பின்தொடை கிழிந்த ஓட்டக்காரர் திரும்பும் வழி

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த படிவம் ஐந்து பையன் அவன். நூறு மீட்டர் ஓட்டக்காரன். பயிற்சியில் எழுபதாவது மீட்டர் அருகே தொடையின் பின்பக்கம் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்ததாம். வீட்டில் தைலம் போட்டு உருவி விட்டார்கள். ஐந்தாறு நாளில் நொண்டல் நின்றது, பத்தாவது நாள் திடலை மெதுவாகச் சுற்றி வந்தான், பதின்மூன்றாவது நாள் முழு வேகத்தில் ஓடினான். அதே இடம், அதே அடி. இரண்டு நாள் கழித்துத்தான் என் பிசியோ அறைக்கு வந்தான்.

"வலி சுத்தமா இல்லண்ணே. அதனாலதான் ஓடுனேன்."

பொய் சொல்லவில்லை. நடப்பதற்கும் மெல்லோட்டத்துக்கும் அவன் கால் தயாராகத்தான் இருந்தது. முழு ஓட்டம் வேறு கணக்கு. வேகமாக ஓடும்போது கால் முன்னால் வீசி, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், முழங்காலுக்குக் கீழ் உள்ள பகுதி தானாக முன்னே பறக்கப் பார்க்கும். அதைப் பின்னால் இழுத்து நிறுத்துவது ஹேம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசைகள். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். அவனுடைய அப்பா செம்பனை வெட்டுபவர் என்பதால் அவருக்கு இப்படிச் சொன்னேன்: குலை ஏற்றிய தள்ளுவண்டியைச் சரிவில் இறக்கும்போது முன்னால் தள்ளுவீர்களா, பின்னால் இழுத்துப் பிடிப்பீர்களா? அவர் உடனே பிடித்துக்கொண்டார். சரிவு அதிகமானால் கை படும் பாடு அவருக்குத் தெரியும்.

வேகம்தான் இங்கே சரிவு. வீசும் காலில் உள்ள ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80 விழுக்காட்டு வேகத்திலிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, நிறுத்த வேண்டிய ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. இரண்டாம் முறை கிழிவது பெரும்பாலும் இந்தக் கடைசி இடைவெளியில்தான். ஆரம்ப நாட்களை எல்லோரும் பத்திரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

அந்த ஆரம்ப நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நான்கு நாள் உருவி விட வேண்டாம். கிழிந்த இடத்தில் உள்ளே கசிந்த இரத்தம் இருக்கிறது, அழுத்தி உருவினால் அது கூடும். துணியில் சுற்றிய ஐஸ் பத்து பதினைந்து நிமிடம் வைத்தால் வலி குறையும், அவ்வளவுதான் அதன் பயன். இழுத்து நீட்டவும் வேண்டாம், முழுக்கப் படுத்தும் கிடக்க வேண்டாம். நொண்டாமல் முடிந்த அளவு நடக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். உட்காரும் எலும்பிலேயே வலி, காலை ஊன்ற முடியாமை, நீலம் பாய்ந்து முழங்கால் வரை இறங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்ப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பதினாலு முதல் பதினேழு வயதில் அங்கே எலும்பின் வளரும் பகுதி இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. தசை கிழிவதற்குப் பதில் எலும்புத் துண்டோடு பிய்ந்து வரலாம். அதற்கு நான் கீழே சொல்லும் எதுவும் பொருந்தாது.

இந்தப் பையனுக்கு அப்படி இல்லை. வலி தொடையின் வெளிப்பக்கம், உட்காரும் எலும்புக்கு நாலு விரல் கீழே. முழு வேக ஓட்டத்தில் அதிகம் அடிபடும் இடம் அது. எலும்புக்கு எவ்வளவு பக்கத்தில் வலிக்கிறதோ அவ்வளவு நாள் பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு.

இரண்டாவது அடி பட்டதிலிருந்து ஆறாம் நாள் நொண்டாமல் நடந்தான். மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, குதிகாலால் என் கையை அழுத்தச் சொன்னேன். நல்ல காலின் பலத்தில் முக்கால் பங்கு வந்தது, வலி கொஞ்சம். பயிற்சியின்போது லேசான வலி வந்தால் பயப்படத் தேவையில்லை. மறுநாள் காலை அது கூடியிருந்தால்தான் பின்வாங்க வேண்டும். அன்றே ஒற்றைக் காலில் நின்று, முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து முன்னால் குனியும் பயிற்சியை ஆரம்பித்தோம். தசை நீண்டுகொண்டே பிடிக்கப் பழகுவது அதில்தான். பத்தாம் நாள் மெல்லோட்டம். போன முறையும் இதே பத்தாம் நாள்தான். ஆனால் போன முறை இங்கிருந்து மூன்றே நாளில் உச்சிக்குப் போனான்.

பதினாறாம் நாள் அப்பாவின் கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சைத் திறந்தோம். திடலில் நான்கு தண்ணீர் போத்தல்கள். முதல் 30 மீட்டர் மெதுவாக வேகம் ஏற்ற, அடுத்த 20 மீட்டர் அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓட, பிறகு 30 மீட்டர் மெல்லக் குறைக்க. நடுவில் உள்ள 20 மீட்டருக்கு மட்டும் நேரம். நல்ல நாளில் அவன் உச்ச வேகத்தில் இதை 2.1 விநாடியில் கடப்பான் என்று பழைய பயிற்சிக் குறிப்பில் இருந்தது. ஆகவே 70 விழுக்காடு என்றால் 3.0 விநாடி, 80 என்றால் 2.6, 90 என்றால் 2.3.

"எழுபது சதவீதத்துல ஓடு" என்றேன். ஓடினான். 2.5.

அதாவது 84 விழுக்காடு. ஓட்டக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். கொஞ்சமாக முயல்வதாக அவர்கள் நினைக்கும்போது உடல் அதைவிட வேகமாகவே ஓடுகிறது. "பாதி வேகத்துல நாலு ரவுண்டு ஓடு" என்று சொல்லிவிட்டுப் போகும் சார்மார்களுக்கு இதைத்தான் காட்ட ஆசை. அளக்காத வேகம் பாதி வேகம் இல்லை.

அன்று 3.0-க்கு இறங்கி ஆறு முறை ஓடினான். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும் ஓட்டம். ஒரு வேகத்தில் இரண்டு முறை வலியில்லாமல் முடித்து, மறுநாள் காலை குதிகால் அழுத்தத்திலும் காலை நீட்டுவதிலும் மாற்றம் இல்லை என்றால் மட்டுமே அடுத்த வேகம். இருபத்திரண்டாம் நாள் 2.6 தொட்டான். அதற்கு மேல் ஏற்றும் முன் ஒரு சோதனை வைத்தேன். மல்லாந்து படுக்க வைத்து, நல்ல காலைக் கட்டிலோடு கட்டி, அடிபட்ட காலின் முழங்கால் மடங்காதபடி பட்டை போட்டு, முடிந்த வேகத்தில் மேலே உதறச் சொல்வது. கால் உயர்ந்தது, வலி இல்லை. ஆனால் முகம் மாறியது.

"வலிக்கலண்ணே. ஆனா என்னமோ பயமா இருக்கு."

அந்தப் பயம் போதும், சோதனையில் தேறவில்லை. தசை இன்னும் தயாரில்லை என்பதற்கு அதுவும் ஒரு தடயம். ஐந்து நாள் 2.6-லேயே நிறுத்தினேன். இடையில் மாவட்டப் போட்டி வந்து போய்விட்டது. அவன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்த வாரம் மண்டியிட்டு, அப்பா கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடலை நேராக வைத்து மெல்ல முன்னால் சாயும் பயிற்சியைச் சேர்த்தோம். மறுபடி உதறினான், தயக்கம் இல்லை.

2.3. அப்புறம் 2.2. மழை பெய்த ஒரு நாள் புல் வழுக்கியதால் ஓடவில்லை. முப்பத்தைந்தாம் நாள் 2.1, இரண்டு முறை. அதுவும் நேர்க்கோட்டில், மெதுவாக ஏற்றிய வேகத்தில். உட்கார்ந்த நிலையிலிருந்து வெடித்துக் கிளம்புவது, வளைவில் ஓடுவது, களைத்த பிறகு கடைசி இருபது மீட்டர், இவை மூன்றும் அடுத்த பத்து நாளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக. அதற்குள் அப்பா ஸ்டாப்வாட்ச் பார்ப்பதில் என்னைவிடக் கறாராகிவிட்டார். "2.2தான்யா, ஏமாத்தாத" என்று திடலின் மறுகோடியிலிருந்து அவர் கத்தும்போது நான் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.