எம்.ஆர்.பி.க்கு மேல் ஜி.எஸ்.டி. வாங்குவதாக ஒரு விமர்சனம்: கடைக்காரர் என்ன பதில் எழுத வேண்டும்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சிறு வணிகர்களுக்கு வரிக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். கணக்கு வேலையோடு சேர்த்து, கூகுளில் கடையைப் பற்றி வந்த விமர்சனத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்பவர்களும் இப்போது வருகிறார்கள். அவற்றுள் அடிக்கடி காணப்படுவதும், பதிலில் அதிகம் பிழை நேர்வதுமான ஒரு குற்றச்சாட்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் உள்ள ஒரு மளிகைக் கடைக்கு ஒற்றை நட்சத்திரத்துடன் இப்படி ஒரு விமர்சனம் வந்தது: “எம்.ஆர்.பி. விலைக்கு மேல் ஜி.எஸ்.டி. போட்டு ஏமாற்றுகிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்குப் பத்து ரூபாய் கூடுதல். பில் என்னிடம் இருக்கிறது.” உரிமையாளர் கொதித்துப்போய் எழுதிய பதிலைப் பதிவிடுவதற்கு முன் என்னிடம் காட்டினார். பில்லைப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றும், பக்கத்துக் கடைக்காரர் தூண்டிவிட்டுத்தான் இது எழுதப்பட்டிருக்கிறது என்றும் அதில் இருந்தது. அவருடைய கோபம் நியாயமானதுதான். ஆனால் எண்ணெயை என்ன விலைக்கு விற்றார் என்ற ஒரே கேள்விக்கு அந்தப் பதிலில் விடையே இல்லை.

பொட்டலத்தில் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, அதற்கு மேல் விற்பது குற்றம். தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. ஆகவே இத்தகைய விமர்சனத்துக்கு எழுதும் பதிலை, புகார் வந்தால் விசாரிக்கும் அதிகாரியும் படிக்கக்கூடும் என்று எண்ணியே எழுத வேண்டும். உண்மையில் சரிபார்க்காமல் “நாங்கள் ஒருபோதும் கூடுதல் வாங்குவதில்லை” என்று எழுதிவிடுவதும், பேச்சை முடிப்பதற்காக “தவறு நடந்திருந்தால் மன்னிக்கவும்” என்று எழுதிவிடுவதும் ஒரே அளவுக்கு ஆபத்தானவை. முதலாவது பின்னால் பொய்யாகிப்போகலாம். இரண்டாவது, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படலாம்.

அதனால் பதிலுக்கு முன்னால் பில்லைப் பார்த்தோம். இந்தக் குற்றச்சாட்டு சில கடைகளில் உண்மையாகவும் இருந்துவிடுகிறது. பில்லிங் மென்பொருளில் ஒரு பொருளைப் பதியும்போது, விற்பனை விலையில் வரி அடக்கமா, தனியா என்று கேட்கும் இடத்தில் தவறுதலாகத் ‘தனி’ என்று தேர்ந்தெடுத்துவிட்டால், இயந்திரம் தானாகவே எம்.ஆர்.பி.யின் மேல் வரியைக் கூட்டிவிடும். உரிமையாளருக்கே அது தெரியாமல் இருக்கும். எது நடந்திருக்கிறது என்பதைப் பில்லில் உள்ள வரித்தொகையே காட்டிக்கொடுக்கும். சமையல் எண்ணெய்க்கு வரி 5 விழுக்காடு. 210 ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள பாக்கெட்டில் வரி அடக்கமாக இருந்தால், பொருளின் மதிப்பு 200 ரூபாய், சி.ஜி.எஸ்.டி. 5 ரூபாய், எஸ்.ஜி.எஸ்.டி. 5 ரூபாய், மொத்தம் 210 ரூபாய். வரியை மேலே கூட்டியிருந்தால் 210 ரூபாய்க்கு 5 விழுக்காடாக 10 ரூபாய் 50 காசு வரி வந்து, மொத்தம் 220 ரூபாய் 50 காசாகியிருக்கும்.

விமர்சனம் வந்ததற்கு முந்தைய சில நாள்களில் அந்த எண்ணெய் விற்ற பில்கள் அனைத்திலும் ஒரு பாக்கெட்டுக்கு வரி சரியாகப் பத்து ரூபாயாகவே இருந்தது. வாங்கிய தொகையும் 210 ரூபாய்தான். குழப்பம் எங்கே தோன்றியது என்பதும் அப்போதே விளங்கியது. பில்லின் மேற்பகுதியில் 210 ரூபாய் என்றும், அடியில் வரிப் பட்டியலில் 5 ரூபாய், 5 ரூபாய் என்றும் அச்சாகியிருந்தன. அவை அந்த 210 ரூபாய்க்குள் அடங்கியவை என்று எங்கும் சொல்லப்படவில்லை. பல பொருள்கள் உள்ள நீண்ட பில்லில் ஒருவர் அதைக் கூடுதல் வசூல் என்று நினைத்துக்கொள்வது இயல்பே. அவர் எழுதிய செய்தி தவறு. ஆனால் அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்பதற்கு நம் கையில் எந்த ஆதாரமும் இல்லை. செய்தியைத் திருத்துவதும் எழுதியவரின் நோக்கத்தைத் தொடாமல் விடுவதும் ஒரே பதிலில் நடக்க வேண்டும்.

கடைசியில் பதிவிட்ட பதில் இதுதான்:

“வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த எண்ணெய்க்கான எங்கள் பில்களைச் சரிபார்த்தோம். பாக்கெட்டில் அச்சிட்டுள்ள விலை 210 ரூபாய். எங்கள் பில்களிலும் அதே 210 ரூபாய்தான் வாங்கப்பட்டுள்ளது. பில்லின் அடியில் தெரியும் 5 ரூபாய் சி.ஜி.எஸ்.டி.யும் 5 ரூபாய் எஸ்.ஜி.எஸ்.டி.யும் அந்த 210 ரூபாய்க்குள் அடங்கியவை. அதற்கு மேல் சேர்க்கப்பட்டவை அல்ல. எங்கள் பில்லில் இது தெளிவாக அச்சாகவில்லை என்பதை உணர்ந்து, அதை மாற்றி வருகிறோம். உங்களிடம் உள்ள பில்லில் வேறு தொகை இருந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கியிருந்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தருகிறோம். — உரிமையாளர்”

‘எங்கள் பில்கள்’ என்று எழுதச் சொன்னேனே தவிர, ‘உங்கள் பில்’ என்று எழுதச் சொல்லவில்லை. விமர்சனத்தில் உள்ள பெயரை வைத்து அவர் எந்தப் பில்லுக்கு உரியவர் என்று உறுதிப்படுத்த முடியாது. வீட்டில் வேறொருவர் பொருள் வாங்கியிருக்கலாம். அதே காரணத்தால் “நீங்கள் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை” என்றும் எழுதக்கூடாது. பில் போடும்போது வாங்கிய கைப்பேசி எண்ணையோ பில்லின் படத்தையோ பதிலில் காட்டுவது அதைவிடப் பெரிய தவறு. கடையின் வயது, நேர்மை, வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை ஆகியவையும் தேவையில்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் வரும்போது கைப்பேசியில் கடையைத் தேடும் வெளியூர்க்காரருக்கு உரிமையாளரைத் தெரியாது. 210 ரூபாய்க்குள் வரி அடங்கியிருக்கிறது என்பதைத் தம்மிடம் உள்ள எந்தப் பாக்கெட்டைப் பார்த்தும் அவரே சரிபார்த்துக்கொள்ள முடியும்.

விமர்சனத்தை நீக்கச் சொல்லிப் புகார் செய்யலாமே என்று உரிமையாளர் கேட்டார். போலிக் கணக்கு, வசைச்சொல், தொடர்பற்ற செய்தி போன்ற விதிமீறல்களுக்குத்தான் கூகுள் நீக்கும். வாடிக்கையாளர் சொன்னதா, கடைக்காரர் சொன்னதா உண்மை என்ற வழக்கில் அது நடுவராக இருப்பதில்லை. பணமோ தள்ளுபடியோ கொடுத்து விமர்சனத்தை மாற்றச் சொல்வது அதன் விதிகளுக்கே எதிரானது. அவதூறு வழக்கறிவிப்பு என்ற வழியும் இருக்கிறது. ஆனால் பில்லைத் தவறாகப் புரிந்துகொண்ட ஒருவர்மேல் அதை ஏவுவது எனக்கு உடன்பாடில்லை.

சில நாள்களில் அந்த வாடிக்கையாளர் தம் விமர்சனத்தைத் திருத்தி, “பில்லைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே” என்று சேர்த்திருந்தார். ஒரு விமர்சனத்துக்குக் கடையின் பதில் ஒன்றே இருக்க முடியும், ஆகவே பழைய பதிலைத் திறந்து, “இப்போது எல்லாப் பில்களிலும் ‘மேற்கண்ட விலைகளில் ஜி.எஸ்.டி. அடக்கம்’ என்று அச்சிடுகிறோம்” என்ற ஒரு வரியை மட்டும் சேர்த்தோம். பில்லிங் மென்பொருளில் அடிக்குறிப்பு எழுதும் இடத்தில் அதைச் சேர்ப்பது எளிய வேலை. நட்சத்திரம் ஒன்றாகவே நிற்கிறது. அவர் நாளை குற்றச்சாட்டை எடுத்துவிட்டால், கடைக்காரரும் தம் பதிலில் உள்ள வரிக்கணக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யாரும் கேட்காத கேள்விக்கு அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.