நள்ளிரவில் வீங்கும் கால் பெருவிரல்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ராத்திரி படுக்கும்போது ஒன்றுமில்லை. விடியற்காலை பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கியிருக்கிறது, போர்வை பட்டாலே உயிர் போகிறது. ரத்தத்தில் யூரிக் அமிலம் 6.1 தான், நார்மல் என்கிறார்கள். அப்புறம் இது என்ன?"

பெரும்பாலும் கௌட்டாகத்தான் இருக்கும், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகத் தேங்குவதால் வரும் மூட்டு வீக்கம். ஏன் பெருவிரல், ஏன் ராத்திரி, ஏன் ரிப்போர்ட் நார்மல் என்ற மூன்றில்தான் சுவாரசியமே இருக்கிறது.

நம் செல்களிலும் உணவிலும் உள்ள ப்யூரின் என்ற வேதிப்பொருள் சிதைந்தால் யூரிக் அமிலம் வரும். பெரும்பாலான விலங்குகளிடம் அதை மேலும் உடைக்கும் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. நம் மூதாதைக் குரங்குகள் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அதை இழந்துவிட்டன. எனவே சிறுநீரகம்தான் பெரும்பகுதியை வெளியேற்ற வேண்டும். கௌட் வரும் பெரும்பாலானோருக்குச் சிக்கல் அங்கேதான்: உற்பத்தி அதிகமில்லை, வெளியேற்றம் போதவில்லை.

37 டிகிரி வெப்பத்தில், ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் வரைதான் யூரேட், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பு வடிவம், கரைந்திருக்கும். வெப்பம் குறையக் குறைய இந்த எல்லையும் இறங்கும். 30 டிகிரியில் ஏறக்குறைய 4.5 தான். உடலின் நடுப்பகுதியைவிடக் கால்விரல்கள் குளிர்ந்தவை. அதனால் ரத்தத்தில் கரைந்திருந்த அதே யூரேட், விரல் மூட்டில் கரைய முடியாமல் ஊசி வடிவப் படிகங்களாக உறைகிறது. சூடான பாகு ஆறியதும் அடியில் சர்க்கரை கல்லாக நிற்குமே, அப்படித்தான். போதாக்குறைக்கு நம் எடையை நாள் முழுக்கத் தாங்கித் தேயும் மூட்டு அது. தேய்ந்த குருத்தெலும்பு படிகம் ஒட்ட வசதியான இடம்.

இரவில் கால் இன்னும் குளிர்கிறது, வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசோல் ஹார்மோன் உடலில் குறைகிறது, தண்ணீர் குடிக்காமல் பல மணி நேரம் கிடக்கிறோம். பகலில் மூட்டில் தேங்கிய நீர், யூரேட்டைவிட வேகமாக வடிந்துவிடுவதால் மிச்சமுள்ள திரவம் கெட்டியாகிறது என்ற விளக்கமும் உண்டு.

ஆனால் படிகம் மட்டும் வலிக்காது. பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். ஏதோ ஒரு கட்டத்தில் வெள்ளையணுக்கள் அதை விழுங்கப் பார்க்கும்போதுதான் கதை மாறுகிறது. செல்லுக்குள் இருக்கும் என்எல்ஆர்பி3 என்ற அபாய மணி அடிக்கிறது. அதனால் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற வீக்கத்தைத் தூண்டும் புரதம் வெளியேறி மேலும் மேலும் வெள்ளையணுக்களைக் கூப்பிடுகிறது. இதை 2006இல் கண்டறிந்தார்கள். அதற்கு வெகு முன்பே, 1960களின் தொடக்கத்தில், மெக்கார்ட்டி, ஃபேர்ஸ் என்ற இரு மருத்துவர்கள் படிகத்தைத் தங்கள் முழங்காலிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டு வலியை வரவழைத்துக் காட்டினார்கள்! ஆய்வுகளுக்கு அனுமதி தரும் இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்குச் சம்மதிக்காது, சம்மதிக்கவும் வேண்டாம்.

சரி, அந்த 6.1? வலி கொதிக்கும்போது சிறுநீரகம் யூரேட்டை வழக்கத்தைவிட அதிகமாகத் தள்ளும். ரத்த அளவு இறங்கிவிடும். அதனால் அன்றைய நார்மலை நம்ப முடியாது. வலி தணிந்து இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். உறுதியான சோதனை, மூட்டு நீரை ஊசியால் எடுத்து முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் படிகத்தைப் பார்ப்பது. இதற்கு ஆளும் கருவியும் பல இடங்களில் இல்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தால் காத்திருக்கவே கூடாது. மூட்டில் கிருமித்தொற்றும் இதே கோலத்தில் வரும், சில நாளில் மூட்டையே அழித்துவிடும்.

வலிக்கும்போது காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். குளிர் படிகத்தை வளர்க்காதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் வெளியே ஐஸ் வைத்தவர்களுக்கு வலி குறைந்ததாகவே ஆய்வு சொல்கிறது. மருந்தில் மூன்று வழி: இப்யூப்ரோஃபென் வகை, கோல்சிசின், ஸ்டீராய்டு. எது என்பதை சிறுநீரகம், வயிற்றுப்புண், சர்க்கரை, மற்ற மாத்திரைகளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். கோல்சிசினை முதல் 12 மணி நேரத்துக்குள் குறைந்த அளவில் எடுத்தாலே போதும். அளவைக் கூட்டினால் வயிற்றுப்போக்குதான் கூடும். சும்மா விட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும், படிகம் மட்டும் போகாது. "பத்தியம் பலித்தது" என்ற பேச்சு பெரும்பாலும் இந்தத் தானாகத் தணிதலுக்குக் கிடைக்கும் பாராட்டுதான்.

உணவில் பீர், மற்ற மதுவகைகள், ஈரல், சிறுநீரகம், சிவப்பு இறைச்சி, மத்தி, நெத்திலி, சிப்பி, இனிப்பு பானங்கள் ஆகியவற்றைக் குறையுங்கள். பீரில் ப்யூரினும் உண்டு, ஆல்கஹாலும் உண்டு. இனிப்பு பானத்தின் ஃப்ரக்டோஸ் கல்லீரலில் நேரடியாக யூரிக் அமிலத்தைக் கூட்டும். பருப்பையும் கீரையையும் பயந்து ஒதுக்க வேண்டாம். ப்யூரின் மிகுந்த காய்கறிகள் கௌட்டைக் கூட்டுவதாக 2004இல் வந்த பெரிய ஆய்வில் தெரியவில்லை, கொழுப்பு குறைந்த பால் குறைப்பதாகவே தெரிந்தது.

ஆனால் உணவால் ரத்த அளவு பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் இறங்கும். அடிக்கடி வந்தால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபுரினால் போன்ற மருந்தால் 6க்குக் கீழே வைப்பதுதான் வழி. ஏற்கெனவே அதைச் சாப்பிடுபவர் வலி வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. புதிதாகத் தொடங்குபவருக்குப் படிகம் கரையும் முதல் சில மாதங்களில் வலி திரும்ப வரலாம். அதைத் தடுக்கத்தான் கூடவே கோல்சிசினும் சிறிதளவு தருகிறார்கள்.