சார்ஜ் நின்ற பிறகும் ஓடும் கட்டணம்

விழுப்புரம் அருகே நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில், விரைவு சார்ஜரில் மின்காரை இணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியின் கொள்ளளவு 40 யூனிட். இருப்பு 20 சதவீதம். 80 எட்டியதும் நிற்கும்படி காரில் வரம்பு வைத்திருக்கிறீர்கள். கட்டணம் யூனிட்டுக்கு 20 ரூபாய், செயலிக் கட்டணம் 10 ரூபாய். சார்ஜ் ஏறி முடிந்து 10 நிமிடத்துக்கு மேல் வண்டி அங்கேயே நின்றால் நிமிடத்துக்கு 2 ரூபாய்.

சார்ஜருக்குள் இருக்கும் மீட்டர், வீட்டு மின்மீட்டரைப் போலவே, ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை. தொடக்கத்தில் 18,452.3 என்று இருந்த அளவு முடிவில் 18,477.9 ஆகிறது. இரண்டையும் சார்ஜர் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவிடும். வித்தியாசம் 25.6 யூனிட், அதற்கு 512 ரூபாய்.

ஆனால் 40 யூனிட்டில் 60 சதவீதம் என்றால் 24 தானே? மிச்சம் 1.6 எங்கே போனது? பேட்டரியைக் குளிர்விக்கும் கருவிக்கு ஒரு பங்கு போகிறது; பேட்டரிக்குள்ளேயே இன்னொரு பங்கு வெப்பமாகிறது. தவிர, கார்த் திரையில் தெரியும் சதவீதம் ஒரு மதிப்பீடுதான். எனவே இந்த அளவு வித்தியாசத்தைக் கண்டதும் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது காத்திருப்புக் கட்டணம். 80 சதவீதம் எட்டியதும் மின்சாரத்தை நிறுத்துவது கார்தான். பல சார்ஜர்கள் சர்வருடன் பேசப் பின்பற்றும் ஓ.சி.பி.பி. நெறிமுறையில், அந்த நொடியில் சார்ஜரின் நிலை `Charging` என்பதிலிருந்து `SuspendedEV` ஆக மாறலாம். மின்சாரம் நின்றுவிட்டது, ஆனால் இணைப்பு தொடர்கிறது என்று பொருள். இது 1.42-க்கு நடந்து, நீங்கள் 2.07-க்குக் கேபிளைக் கழற்றினால் 25 நிமிடம். சலுகை 10 போக 15 நிமிடத்துக்கு 30 ரூபாய். எல்லாம் சேர்த்து 552. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 99.36. ஆக 651 ரூபாய் 36 காசு. வரி காத்திருப்புக்கும் செயலிக் கட்டணத்துக்கும் சேர்த்தே விழுகிறது.

மின்சாரத்தை நிறுத்தியது சார்ஜராக இருந்தால் நிலை `SuspendedEVSE`. மின்வழங்கல் போதாமை போன்ற காரணத்தால் இப்படி நின்ற நேரத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை. கணக்கிடும் மென்பொருள் இரண்டு நிலைகளையும் ஒன்றாகப் பாவித்தால் அப்படித்தான் நடக்கும். கேட்ட அளவு ஏறாமலேயே சார்ஜ் நின்றிருந்தும் பில்லில் காத்திருப்புக் கட்டணம் இருந்தால், நிறுத்தியது யார் என்பதை நிறுவனத்திடம் கேளுங்கள். அந்த விவரம் அவர்களுடைய பதிவில் நிமிடக் கணக்கோடு இருக்கும்.

இணையத் தொடர்பு அறுந்தாலும் சிக்கல் வரும். கேபிளைக் கழற்றிய பிறகும் செயலியில் சார்ஜிங் தொடர்வதாகவே தெரியும். முறையாக அமைத்த சார்ஜர், முடிவு அளவையும் நேரத்தையும் சேமித்து வைத்துத் தொடர்பு திரும்பியதும் அனுப்பும். அப்போது சார்ஜரில் பதிவான நேரத்தை விட்டுவிட்டு, தகவல் வந்து சேர்ந்த நேரத்தை சர்வர் எடுத்துக்கொண்டால் காத்திருப்பு நிமிடங்கள் வீங்கிவிடும். கழற்றும்போது சார்ஜர் திரையில் யூனிட்டும் நேரமும் தெரியும்படி ஒரு படம் எடுத்துவைத்திருந்தால், பில்லோடு ஒப்பிட்டு அதைக் கண்டுபிடித்துவிடலாம்.